தளை தட்டவில்லை என்பதற்காக அசை பிரித்தது சரியாகிவிடாது

வகுப்பில் அலகிடச் சொன்னால் பிள்ளைகள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். எப்படியோ அசை பிரித்து, வாய்பாடு எழுதி, கடைசியில் தளை பார்ப்பார்கள். தளை தட்டாமல் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று பேனாவை மூடிவிடுவார்கள். தளை பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இந்தச் சோதனையில் சிக்குவதே இல்லை. ஏன் என்று ஒரு குறளை வைத்தே பார்த்துவிடலாம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

முதலில் சரியான பிரிப்பு. கற்/க நேர் நேர், தேமா. கச/டறக் நிரை நிரை, கருவிளம். கற்/பவை, கற்/றபின் இரண்டும் நேர் நிரை, கூவிளம். இரண்டாம் அடியில் நிற்/க தேமா, அதற்/குத் நிரை நேர், புளிமா. கடைசிச் சீர் தக, ஒரே நிரை, அதனால் மலர். வெண்பாவில் மா முன் நிரை வரவேண்டும், விளம் முன் நேர் வரவேண்டும், காய் முன்னும் நேர்தான் வரவேண்டும். இந்தக் குறளில் எல்லாச் சீரும் அப்படியே பொருந்துகின்றன.

இப்போது ஒரு மாணவர் கசடறக் என்பதை க/சட/றக் என்று பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் நிரை நேர், கூவிளங்காய். உடனே மாட்டிக்கொள்வார், ஏனென்றால் முன்னால் இருக்கும் தேமாவுக்கு அடுத்து நேர் வந்து தளை தட்டுகிறது. தக என்பதைத் த/க என்று உடைப்பவரும் இப்படியே, புளிமாவுக்கு அடுத்து நேர் வந்து மாட்டுவார்.

ஆனால் இன்னொருவர் அதே சீரைக் கச/ட/றக் என்று பிரிக்கிறார். நிரை நேர் நேர், புளிமாங்காய். தேமாவுக்கு அடுத்து நிரை வந்திருக்கிறது, சரி. காய்க்கு அடுத்து கற்பவையின் நேர் வந்திருக்கிறது, அதுவும் சரி. தளை தட்டவே இல்லை, ஆனால் பிரிப்பு தவறு! கற்/ற/பின் என்று எழுதித் தேமாங்காய் என்பவருக்கும் இதேதான் நடக்கும், அடுத்து வரும் நிற்க நேரில்தானே தொடங்குகிறது. விளச்சீரின் கடைசி நிரையை இரண்டு நேராக உடைத்தால் அது மாங்காய் ஆகிவிடும், விளமும் காயும் அடுத்து எதிர்பார்ப்பது ஒரே நேரைத்தான். அதனால் இந்தப் பிழையைத் தளை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

இதைப் பிடிக்க வேண்டிய இடம் அசை பிரிக்கும்போதே. ஒரு குறிலில் நிற்கிறீர்கள் என்றால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். ஒற்று வந்தால் அதையும் சேர்த்து நேர், கற், நிற் மாதிரி. குறிலோ நெடிலோ வந்தால் அந்தக் குறில் தனியே நிற்கக் கூடாது, அதோடு இணைந்து நிரை ஆகவேண்டும். டறக், றபின், பவை எல்லாம் அப்படி இணைந்தவை. தனிக்குறில் நேராவது சீரில் அதற்குப்பின் வேறு எழுத்தே இல்லாதபோதுதான், கற்க என்பதில் கடைசிக் க போல. சீரின் நடுவில் ஒரு குறிலைத் தனி நேராக எழுதியிருந்தால் தளை பார்க்கும் முன்பே அதைச் சந்தேகப்படுங்கள். என்னைக் கேட்டால், வாய்பாட்டு அட்டவணையை ஒப்பிப்பதைவிட இந்த ஒரு சோதனைக்கு வகுப்பில் கூடுதல் நேரம் கொடுக்கலாம்.

அப்புறம் தொடை. அசையில் ஒற்றுக்குத் தனி அலகு இல்லை என்று படித்த பிள்ளைகள் எதுகை பார்க்கும்போதும் ஒற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதுகையில் ஒற்றும் ஓர் எழுத்துதான். கற்க, நிற்க இரண்டிலும் இரண்டாம் எழுத்து ற், முதலெழுத்தும் இரண்டிலும் குறில், ஆக அடி எதுகை. முதலெழுத்தின் அளவு ஒத்திருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

முதல் அடிக்குள் நான்கு சீரும் க என்றே தொடங்குகின்றன, முற்று மோனை. இது எல்லார் கண்ணிலும் படும். அதே அடியில் ஒன்று, மூன்று, நான்காம் சீர்களில் ற் இரண்டாம் எழுத்தாக வந்து மேற்கதுவாய் எதுகையும் இருக்கிறது. கசடறக் என்பதில் இரண்டாம் எழுத்து ச, அதனால் இரண்டாம் சீர் மட்டும் அதில் சேராது. சீரில் ற எங்கோ இருக்கிறதே என்று அதையும் சேர்த்து முற்று எதுகை என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.