வீழல் கீழேதான் விழ வேண்டுமா?

பிளஸ் டூ மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குகிற ஒரு கணக்கு இது.

பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரம். அடிமுகம் ABCD, மேல்முகம் EFGH; A-க்கு நேர் மேலே E, B-க்கு மேலே F, இப்படியே மற்றவை. முன்முகத்தின் மூலைவிட்டம் AF, BDHF என்ற தளத்தோடு என்ன கோணம் அமைக்கும்? கேக்கை மூலைக்கு மூலை வெட்டினால் கத்தி போகும் தளம்தான் BDHF.

பாதி வகுப்பு உடனே 45° என்கிறது. B தளத்தில் இருக்கிறது, AB-யும் BF-ம் செங்குத்து, ஆகவே A-யின் வீழல், அதாவது A-யிலிருந்து தளத்துக்கு வரையும் செங்குத்து தளத்தைத் தொடும் புள்ளி, B-தான்; கோணம் AFB என்பது அவர்கள் கணக்கு. AB, BF-க்குச் செங்குத்து என்பது சரிதான். ஆனால் அதே தளத்தில் உள்ள BD-யோடு AB 45° சாய்ந்து நிற்கிறதே! ஒரு கோடு தளத்துக்குச் செங்குத்து என்று சொல்ல, தளத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளுக்காவது அது செங்குத்தாக இருக்க வேண்டும். ஒன்றைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

'வீழல்' என்ற சொல்லும் கொஞ்சம் குழப்புகிறது. மேலிருந்து கீழே விழுவதாகவே மனம் நினைக்கிறது. இங்கே தளமே எழுந்து நிற்கிறது, அதனால் A பக்கவாட்டில்தான் போக வேண்டும். எங்கே? அடிமுகத்தின் நடுப்புள்ளி O-வுக்கு. சதுரத்தின் மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டுவதால் AO ⊥ BD. BF அடிமுகத்துக்கே செங்குத்து, அதனால் AO ⊥ BF. இரண்டும் ஆயிற்று.

F தளத்திலேயே இருப்பதால் அதன் வீழல் அதுவேதான். ஆக AF-இன் வீழல் OF. ஒரு கோடு தளத்தோடு அமைக்கும் கோணம் என்பது அது தன் வீழலோடு அமைக்கும் கோணம்தான், அதனால் நமக்கு வேண்டிய கோணம் AFO. AF = 10√2, அதாவது 14.14 செ.மீ. AO அதில் பாதி, 7.07 செ.மீ.

sin θ = AO/AF = 1/2, θ = 30°

வீழலின் நீளம் AF cos θ, சுமார் 12.25 செ.மீ. 45° என்றவர்களுக்கு அது 10 செ.மீ.தான் வந்திருக்கும்.

விடை தப்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. F வழியாகத் தளத்தில் எத்தனை கோடு வரைந்தாலும், AF அவற்றோடு அமைக்கும் கோணங்களில் மிகச் சிறியது வீழலோடு அமைவதுதான். FO-வோடு 30° கிடைக்கும்போது, 45° தளத்தோடு அமையும் கோணமாக இருக்க முடியாது.

வெக்டரில் போடுகிறவர்கள் வேறு இடத்தில் விழுகிறார்கள். A-யை ஆதியாக வைத்தால் AF-இன் திசை (1,0,1), தளத்தின் செங்கோட்டு வெக்டர் (1,1,0). புள்ளிப்பெருக்கல் 1, நீளங்களின் பெருக்கல் 2. இந்த 1/2-ஐ cos என்று எடுத்தால் 60° வரும். அது செங்கோட்டோடு உள்ள கோணம். தளத்தோடு உள்ள கோணத்துக்கு இதே 1/2-ஐ sin என்று எழுத வேண்டும்.