விடியுமுன் கூவுவது எந்தக் குயில்?

சிங்கப்பூரில் சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடும். ஆனால் ஐந்தரைக்கே ஈசூனிலோ தோ பாயோவிலோ புளோக்குகளுக்கு நடுவே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து 'கூ-ஊ' என்று ஒரு குரல் கிளம்பிவிடுகிறது. முதல் கூவல் தாழ்வாகத்தான் இருக்கும். அடுத்தது கொஞ்சம் மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே. ஏழெட்டு கூவலுக்குள் கத்தலாகவே மாறி, சட்டென்று நின்றுவிடும். சற்று நேரம் மௌனம். அப்புறம் மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பம்.

நம் பாட்டுகளில் பாடுவது பெரும்பாலும் பெண்குயில்தான். மரத்தில் நிலைமை வேறு. அந்த ஏறுகூவல் ஆண்குயிலுடையது. உடல் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, வெளிர்பச்சை அலகு, சிவந்த கண். பெண்குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறு வேறு பறவைகள் என்றுதான் தோன்றும். பெண்ணுக்கும் குரல் உண்டு, ஆனால் அதில் இசை கிடையாது. 'கிக்-கிக்-கிக்-கிக்' என்று வேகமாக, கூர்மையாகக் கத்தும்.

ஆணின் குரல் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? பறவைகளுக்கு நம்மைப்போல் தொண்டையின் மேற்புறத்தில் குரல்வளை ஒலி எழுப்புவதில்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் இடத்தில், நெஞ்சுக்குள்ளே, அவற்றின் ஒலியுறுப்பு இருக்கிறது. அங்குள்ள மெல்லிய சவ்வுகள் காற்று பாயும்போது அதிர்கின்றன. காற்றை அழுத்தித் தள்ளினால் சத்தம் கூடும். சுற்றியுள்ள தசைகள் சவ்வை இறுக்கினால் சுருதி ஏறும். ஒவ்வொரு கூவலுக்கும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியும் இறுக்கியும் போவதால்தான், சத்தமும் சுருதியும் சேர்ந்தே ஏறுகின்றன.

சரி, வெயில் காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு ஆவேசம்? வெயில் குயிலைக் கத்த வைப்பதில்லை. அது இனப்பெருக்கக் காலம், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் ஆண் பறவையின் விரைகள் பெருத்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது. கூவும் உந்துதல் அதனோடு வளர்கிறது. கூவலில் இரண்டு செய்தி: பெண்ணுக்கு 'இங்கே இருக்கிறேன்', மற்ற ஆணுக்கு 'இந்தப் பக்கம் வராதே'. பக்கத்து மரத்து ஆண் பதில் கொடுத்தால் இதுவும் விடாது. ஒரு மரத்தில் ஓய்ந்ததும் அடுத்த மரத்தில் தொடங்குவதால், கீழே படுத்திருப்பவருக்கு ஒரே குயில் இடைவிடாமல் கத்துவதுபோல் இருக்கும். இருட்டு விலகாத நேரத்தில் சாலையில் வண்டிகள் குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். அதனால் குரல் பத்தாவது மாடி ஜன்னலுக்கும் தெளிவாக வந்து சேர்கிறது.

குயிலின் நாட்காட்டி உண்மையில் காகத்தின் கையில் இருக்கிறது. பெண்குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. காகம் முட்டையிடும் நாட்களிலேயே தானும் இட வேண்டும். குயில் முட்டை சுமார் 13 நாளில் பொரிக்கும், காக முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். அந்த மூன்று நான்கு நாள் முந்துவதுதான் குயில்குஞ்சின் மூலதனம். காகக்குஞ்சுகள் கண்ணைத் திறக்குமுன்பே அது ஊட்டலை வாங்கித் தின்று பெருத்துவிடும். தாமதமாக இட்ட முட்டைக்கு இந்த லாபம் கிடையாது.

இந்தியாவில் வீட்டுக் காகம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு கட்டுகிறது. ஆகவே அங்கே குயிலின் உச்சமும் கோடையோடு ஒட்டிக்கொண்டது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேர வித்தியாசம். வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள பறவைகளுக்குப் பகல் நீளுவது இனப்பெருக்கத்தைத் தொடங்கச் சொல்லும் பெரிய சமிக்ஞை. சிங்கப்பூரிலோ அந்த வித்தியாசம் பத்து நிமிடம்கூட இல்லை. ஏப்ரல், மே இங்கே புழுக்கமான மாதங்கள்தான் என்றாலும், ஊரில் இருப்பதுபோல் கோடைக்கென்று கோடு கிழித்த பருவம் கிடையாது. அதனால் இங்கே குயிலைப் பெரும்பாலான மாதங்களில் கேட்கலாம்; கேட்கும் அளவுதான் ஏறி இறங்கும். 'வெயில் வந்தால் குயில்' என்ற ஊர்க் கணக்கை இங்கே அப்படியே போட முடியாது.

இன்னொன்று. இந்தக் காகங்களே இவ்வூருக்குப் பிற்பாடு வந்தவை. 1890களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட வீட்டுக் காகங்கள் மெல்லத் தெற்கே பரவின. முன்பு குயில் இங்கே பெரும்பாலும் வடக்கே குளிர்காலமாக இருக்கும்போது வந்துபோகும் விருந்தாளி. காகங்கள் பெருகிய பிறகு, 1980களிலிருந்து, இங்கேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. காகத்தின் ஊட்டலில் வளர்ந்தும் பெரிதான குயில் காகம்போல் கரைவதில்லை. மைனாவைப்போலக் கேட்டுப் பழகும் பறவையல்ல இது. கூவல் பிறவியிலேயே வருகிறது.

யார் கத்துகிறது என்று உறுதிசெய்ய, காகக்கூடு உள்ள மரத்தடியில் காலையில் கொஞ்சம் நின்றால் போதும். கறுத்த ஆண் கிளையில் தெரியும்படி உட்கார்ந்து கூவும். காகங்கள் அதைத் துரத்திக்கொண்டு கிளம்பும். ஆண் இப்படிக் கவனத்தைத் திருப்ப, பெண் கூட்டுக்குள் நுழையும் என்று பறவை பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. துரத்தலுக்கு நடுவே 'கிக்-கிக்-கிக்' கேட்டால், இலைகளுக்குள் பழுப்புப் புள்ளி உடம்பைத் தேடுங்கள்.