மழையில் தரை மெழுகினேன்: ஒரு பல்லவியைத் தமிழுக்குக் கொண்டுவந்த கதை

ஹட்டனில் இருந்துகொண்டு சிங்களம், தமிழ் இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கடிதம், சுற்றறிக்கை, மேடை நாடகம் எல்லாம் வரும். பாட்டு வந்தால் மட்டும் அதே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்ல மாட்டேன். காரணம் சொல்ல ஒரே ஒரு பல்லவி போதும்.

பண்டாரவளையில் சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுதிய பாட்டு அது. மகனை வளர்த்து ஆளாக்கிய தாய் பாடுகிறாள். மகன் கொழும்புக்குப் போனவன், திரும்பிப் பார்க்கவில்லை. இருமொழி நிகழ்ச்சி ஒன்றில் அதே மெட்டில் தமிழிலும் பாட வேண்டும். பாடப்போகிறவள் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பெண்.

பல்லவியின் முதல் அடி: "கங்கட இனி கெபுவா."

தமிழ்க் காதுக்கு இதில் இரண்டு பொறி. "இனி" நம்முடைய இனி இல்லை, வேலி போட நடும் கம்பு. "கங்க" நம்முடைய கங்கையும் இல்லை, சிங்களத்தில் எந்த ஆற்றுக்கும் அதுதான் பெயர். கங்கை என்று வைத்துவிட்டால் கேட்பவர் மனம் காசிக்குப் போய்விடும். சொல்லுக்குச் சொல் பார்த்தால், "ஆற்றுக்கு வேலிக் கம்பு வெட்டினேன்." சிங்களத்தில் இது மரபுத்தொடர். பாடுபட்டுச் செய்தது பயனில்லாமல் போயிற்று என்பது பொருள். நன்றி கெட்டவருக்குச் செய்த உதவியைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள்.

முதலில் நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். "ஆத்துக்கு வேலி வெட்டினேன்" என்று எழுதி, அசையை எண்ணிப் பார்த்தேன். சிங்களத்தில் எட்டு, தமிழிலும் எட்டு. சரி, பொருந்திவிட்டது என்று அனுப்பினேன். மறுநாள் அந்தப் பெண் ஃபோனில், "அண்ணே, வார்த்தையெல்லாம் சரியா இருக்கு, வாயிலதான் நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. எண்ணிக்கை ஒன்றாக இருந்தது, எடை ஒன்றாக இல்லை. அந்த மெட்டு மும்மூன்றாகத் தட்டும் மெட்டு. தத்தகாரத்தில் சொன்னால் "தனன தனா தனனா." முதல் மூன்றும் குறில், ஓடிப்போகும். "இனி"யில் "னி" நீளும். கடைசி "வா" மேலே ஏறி நின்று நீளும். எழுத்தில் பார்க்கும்போது "கங்" கனமாகத் தெரியும். ஆனால் சிங்களத்தில் அந்த "ங்" முழு மெய்யாக நிற்பதில்லை, மூக்கில் பட்டும் படாமலும் போய்விடும். அதனால் "கங்கட" மூன்றும் இலேசுதான். நான் எழுதிய "ஆத்துக்கு" எடுத்த எடுப்பிலேயே நெடில், அடுத்து ஒற்று, அதற்கடுத்தும் ஒற்று. ஓட வேண்டிய இடத்தில் பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி.

பொருளும் சறுக்கியிருந்தது. நம் ஊரில் ஆற்றோரம் வேலி போட்டான் என்றால் காணி பிடித்தான் என்றுதான் விளங்கும். தாயின் வேதனை நிலத் தகராறாகிவிடும்.

அப்புறம் தமிழ் மரபுத்தொடர்களைத் தேடினேன். "விழலுக்கு இறைத்த நீர்" பொருளில் அச்சாகப் பொருந்தியது. ஆனால் மெட்டு நீளும் இடத்தில் "நீர்" வருகிறது. உச்ச சுரத்தில் ஈகாரத்தைப் பிடித்தால் தொண்டை இறுகும், ரகரமும் வந்து வாயை மூடிவிடும். "மணலைக் கயிறாகத் திரித்தேன்" மெட்டுக்குக் கிட்ட வந்தது. ஆனால் அது நடக்காத காரியத்தைச் செய்வதாகச் சொல்லும் கெட்டிக்காரனுக்குரிய பேச்சு. இந்தத் தாய் செய்தது நடக்கக்கூடிய, நேர்மையான வேலை. வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, அவ்வளவுதான். மரபுத்தொடருக்கு மரபுத்தொடர் தேடும்போது அகராதிப் பொருள் ஒத்துப்போனால் போதாது. அதைச் சொல்கிற ஆள் யார், எந்த மனநிலையில் சொல்கிறார் என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

கடைசியில் அகப்பட்டது என் அம்மாச்சியின் பேச்சு. வீணாக எதையாவது செய்தால், "மழையில வாசல் மெழுகாத" என்பார். வாசலை அப்படியே வைக்க முடியாது, "வா" நெடில், விழுகிற இடம் குறில். அதனால் தரை.

"மழையில் தரை மெழுகினேன்."

தட்டிப் பாருங்கள். மழையில், ஒரு தட்டு. தரை, ஒரு தட்டு. "ரை" தாராளமாக நீளும். மெழுகி, ஒரு தட்டு. "னேன்" மேலே போய் நிற்கிறது. மூலத்தில் "வா" வந்த இடத்தில் இங்கே "கி" வந்து, நீளும் ஒலி ஒரு சுரம் தள்ளித் தொடங்குகிறது. நீண்ட சுரத்தை இரண்டாகப் பிளப்பது பாடகர்கள் சாதாரணமாகச் செய்வதுதான், மெட்டு கெடாது. "மழைக்குள்ள எந்தத் தரை?" என்று அவளிடம் கேட்டேன். "தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகுமே அண்ணே" என்றாள். அதற்கு மேல் எனக்குக் கேள்வி இருக்கவில்லை.

"தரை"யில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் நான் முன்பு ஒருதரம் அடிபட்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பாட்டொன்றில் நீளும் சுரத்தின் கீழே "விடு" என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் பாடியபோது அது "வீடு" என்று கேட்டது. "என்னை விடு" மேடையில் "என்னை வீடு" ஆகிப்போனது. தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல்லே பிறந்துவிடும். "படு" பாடாகும், "கல்" காலாகும். "தரை"யில் "த" நீண்டால் "தாரை." நல்லவேளையாக இந்த மெட்டில் "த" குறுகிய சுரத்தில் விழுகிறது. இப்போதெல்லாம் மெட்டை முதலில் தத்தகாரமாக எழுதி, நீளும் இடங்களுக்கு அடிக்கோடிட்டு, அந்த இடங்களில் நெடிலையோ சொல்லின் கடைசி எழுத்தையோதான் வைக்கிறேன்.

இன்னொன்றும் செய்வேன். பாடியதைப் பதிவு செய்து, வரிகளைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துக் காதில் விழுவதை எழுதச் சொல்வேன். "தரை" வருவதற்கு முந்திய வடிவம் "மழையில் மெழுகினேனே." பக்கத்து வீட்டு அக்கா "மழையில் மெழு" வரை எழுதிவிட்டு, "கினேனேன்னா என்ன தம்பி?" என்றார். சொல்லின் நடுவில் இழுத்ததால் அது இரண்டாக உடைந்திருந்தது. தாளில் அது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் அடியில் "ஹித ஹதாகன்ன" என்று வருகிறது. மனதைச் செய்துகொள்வது என்பது நேர்ப்பொருள், தேற்றிக்கொள்வது என்பது கருத்து. அந்தத் தாயால் அது முடியவில்லை. தமிழில் இதற்குத் தயாராகவே சொல் இருந்தது: "இன்னும் என் மனசு ஆறலையே." "லையே" ஏகாரத்தில் முடிவதால் "மெழுகினேன்" ஓசையோடும் சேர்ந்துகொண்டது.

ஆறு போய்விட்டதே என்ற குறை மட்டும் எனக்கு இருந்தது. ஆசிரியரிடம் தமிழ் வடிவத்தைப் பாடிக் காட்டியபோது அவரும் அதைத்தான் கேட்டார், "என் கங்க எங்கே?" என்று. முதல் அடியில் மழையாகிவிட்டது சேர் என்றேன். பிறகு இரண்டாம் அடியைச் சொல்லி, தமிழில் மனம் ஆறுவதற்கும் ஓடுகிற ஆற்றுக்கும் ஒரே ஒலி என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, இரண்டாம் அடியை மட்டும் இன்னொரு முறை பாடச் சொன்னார்.