ஒன்பது புள்ளி எடுத்தவருக்குக் களஞ்சிய வேலை தெரியவில்லை

நிலாவெளிப் பக்கம் உள்ள ஒரு ஹோட்டலின் முகாமையாளர் போன மாதம் தனது எக்செல் தாளை எனக்கு அனுப்பி வைத்தார். களஞ்சியக் காப்பாளர் வேலைக்கு 47 விண்ணப்பங்கள் வந்திருந்தன. பன்னிரண்டு நிரல்கள் போட்டு, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று நிரப்பி, கூட்டி, முதலில் வந்தவரை வேலைக்கும் எடுத்துவிட்டார். மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போய்விட்டார். "கணக்குப் பார்த்துத்தானே எடுத்தேன்" என்கிறார். இந்த வருடம் இந்த வசனத்தை நான் கேட்பது நாலாவது தடவை.

கணக்கில் பிழை இல்லை. கூட்டல் சரி. ஆனால் கூட்டுத்தொகை பக்கச்சார்பு இல்லாதது என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. எந்த நிரல்களைப் போடுவது என்று நீங்கள் முடிவு செய்த அந்த நிமிடமே பாதித் தெரிவு முடிந்துவிடுகிறது. அவருடைய பன்னிரண்டு நிரல்களில் ஐந்து இவை: வேர்ட், எக்செல், பவர்பொயின்ட், இணையம், தட்டச்சு. ஒரே கணினி வகுப்புச் சான்றிதழுக்கு ஐந்து புள்ளி. கணிதச் சித்தி, உயர்தரம், டிப்ளோமா, ஆங்கிலம் என்பவற்றுக்கு நான்கு. மொத்தம் ஒன்பது எடுத்து அந்தப் பிள்ளை முதலிடம். களஞ்சிய அனுபவம் 0, சிங்களம் 0. தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி வந்து நிற்கும்போது அவர் என்ன செய்வார்?

கிண்ணியாவில் ஓர் அரிசி ஆலையில் நான்கு வருடம் இருப்புப் புத்தகம் பார்த்த ஒருவரும் விண்ணப்பித்திருந்தார். அவருக்கு வெறும் நான்கு புள்ளி. பட்டியலில் 31ஆம் இடத்தில் கிடந்தார்.

முகாமையாளரும் நானும் உட்கார்ந்து தாளை மறுபடி போட்டோம். விளம்பரத்தை எடுத்து, எது இல்லாமல் இந்த வேலையே நடக்காது என்று கேட்டால் மூன்றுதான் தேறின: சாதாரண தரக் கணிதம், சிங்களப் பேச்சு, ஒரு வருடக் களஞ்சிய அனுபவம். இவற்றுக்குப் புள்ளி கிடையாது; இருந்தால் Y, இல்லாவிட்டால் N, தெரியாவிட்டால் ? மட்டும். ஒரு N இருந்தால் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் உள்ளே வர முடியாது. மீதி நான்கு நிரல்களுக்கு 0 முதல் 3 வரை புள்ளி. களஞ்சிய அனுபவத்தின் தரத்துக்கு நிறை 4, எக்செலுக்கு 2, ஆங்கிலத்துக்கும் ஹோட்டல் அனுபவத்துக்கும் 1 வீதம். முதல் மூன்றும் B முதல் D வரையும், மீதி நான்கும் E முதல் H வரையும், நிறைகள் இரண்டாம் வரிசையிலும் இருந்தால், நான்காம் வரிசையில் உள்ளவருக்குச் சூத்திரம் இப்படி வரும்:

```
=IF(COUNTIF(B4:D4,"N")>0,"விலக்கு",
 IF(COUNTIF(B4:D4,"~?")>0,"கேள்",
 SUMPRODUCT($E$2:$H$2,E4:H4)))
```

கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள அந்த `~` குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ? என்பதை "ஏதாவது ஓர் எழுத்து" என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். Y போட்டவர்களுக்கும் "கேள்" என்று வரும். ஒரு மாலை முழுவதும் இதற்குத் தலையைப் பிய்த்திருக்கிறேன்.

1, 2, 3 என்றால் என்ன என்பதையும் விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். எங்களுக்கு 1 என்றால் "களஞ்சியத்தில் வேலை செய்தேன்" என்று மட்டும் எழுதியவர். 2 என்றால் என்ன செய்தார் என்று சொன்னவர். 3 என்றால் எவ்வளவு சரக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை இருப்பு எடுத்தார் என்பது வரை சொன்னவர். இது இல்லாமல் திறந்தால், நாற்பதாவது ஆளைப் பார்க்கும்போது களைப்புத்தான் புள்ளி போடும்.

பெயர், விலாசம், மதம், திருமண நிலை, படம் எதுவும் தாளில் வேண்டாம். இலக்கம் மட்டும் போதும். திருகோணமலையில் விலாசத்தைப் பார்த்தாலே ஆளைப் பற்றி ஒரு கதை மனதில் ஓடிவிடும், எனக்கும்தான்.

இனி கிண்ணியாக்காரர். அவருடைய விண்ணப்பத்தில் சிங்களம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முகாமையாளர் முதலில் 0 போட்டது அதனால்தான். தயவுசெய்து, எழுதாததை இல்லை என்று எடுக்காதீர்கள்; ? போட்டுவிட்டு ஒரு அழைப்பு எடுங்கள். எடுத்தோம். "அதையும் எழுத வேண்டுமா சேர்? லொறிக்காரர்களோடு தினமும் சிங்களத்தில்தானே பேசுகிறேன்" என்று சிரித்தார். ? இப்போது Y ஆனது. அனுபவம் 3, எக்செல் 1, ஆங்கிலம் 1, ஹோட்டல் 0. நிறையோடு பெருக்கினால் 24க்கு 15.

அடுத்தவர் 14. "அப்படியென்றால் இவரையே எடுத்துவிடுவோம்" என்று முகாமையாளர் எழும்பப் பார்த்தார். இருங்கள் ஐயா! அடுத்தவருடைய ஆங்கிலத்துக்கு நீங்கள் 1 போட்ட இடத்தில் நான் 2 போட்டிருந்தால் இருவரும் சமமாகிவிடுவார்கள். ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு இந்தத் தாளில் அர்த்தமே இல்லை. யாரை நேர்முகத்துக்குக் கூப்பிடுவது என்பது வரைதான் இது சொல்லும். 12க்கு மேல் எடுத்த ஐந்து பேரையும் கூப்பிடச் சொன்னேன். வரிசைப்படுத்தும்போது கூட்டுத்தொகை நிரலை மட்டும் தெரிவு செய்யாமல், நிறை வரிசையை விட்டு, விண்ணப்பதாரர்களின் முழு அட்டவணையையும் தெரிவு செய்யும்படியும் சொன்னேன். இல்லாவிட்டால் ஆட்களின் வரிசைகள் இடம் மாறாமல் அப்படியே நின்றுவிடும்.

நேர்முகம் அடுத்த செவ்வாய். ஐந்து பேருக்கும் ஒரே சிட்டையைக் கொடுத்து, அதில் உள்ள மூட்டைக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லப்போகிறோம்.