கையில இருக்கிற கனுலாவ பாத்து என்னென்ன கேக்கலாம்

வார்ட்டில நம்ம ஆள் படுத்திருந்தா நாங்க எல்லாரும் பாக்கிறது மேல தொங்குற சேலைன் போத்தலத்தான், முடிஞ்சிட்டா, சொட்டுதா எண்டு. ஆனா கிருமி விஷயத்தில பாக்க வேண்டிய இடம் கீழ, கையில கனுலா உள்ள போற அந்தச் சின்ன ஓட்டை. கனபேர் நினைக்கிற மாதிரி உள்ள ஊசி நிக்கிறதில்ல, ஊசிய அப்பவே உருவிருவாங்க, நரம்புக்குள்ள நிக்கிறது மெல்லிசான பிளாஸ்டிக் குழாய். தோல்ல இருக்கிற கிருமி அந்தக் குழாய்ட வெளிப்பக்கமா இறங்கும், இல்லாட்டி மருந்து போடுற மூடிப் பக்கமா உள்ள போகும். போய் பிளாஸ்டிக்கில ஒட்டிச்செண்டா தண்ணி டேங்க் சுவர்ல பாசி பிடிக்கிற மாதிரி வழுவழுப்பா ஒரு படலம் கட்டிரும், அதுக்குள்ள இருக்கிற கிருமிய மருந்தால கொல்லுறது கஷ்டம். அதுதான் கனுலாவால கிருமி வந்தா மருந்து மட்டும் குடுத்துப் போட்டு இருக்க மாட்டாங்க, முதல்ல கனுலாவ கழட்டுவாங்க.

ஒரு உதாரணத்துக்கு, மூதூர்ல இருந்து சீனி வருத்தம் உள்ள மாமா ஒராள கால் புண்ணோட திங்கக்கிழமை ராத்திரி கொண்டு வாறாங்க எண்டு வைங்க. அவசரத்தில ஒரு கனுலா போட்டாச்சு. நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, "இது எப்ப போட்டது, பிளாஸ்டர்ல திகதி எழுதியிருக்கா?" அவசரத்தில சுத்தம் சரியா பாக்கேலாம போட்டதெண்டா 48 மணித்தியாலத்துக்குள்ள மாத்துறதுதான் நல்லது. நிதானமா போட்டதெண்டா சில இடத்தில 3, 4 நாளைக்கு ஒருக்கா மாத்துவாங்க, சில இடத்தில தினம் பாத்து நல்லா இருக்கும் மட்டும் விடுவாங்க, ரெண்டும் நடைமுறையில இருக்கு.

புதன்கிழமை மாமாக்கு ஊசி மருந்த நிப்பாட்டி குளிசை குடுக்கத் தொடங்கிட்டாங்க, சேலைனும் இல்ல, ஆனா கனுலா கையிலயே கிடக்கு. இது எல்லா வார்ட்டிலயும் நடக்கிறதுதான், தேவைப்பட்டா திரும்ப குத்தணுமே எண்டு விட்டு வைப்பாங்க, இல்ல மறந்தே போவாங்க. என்னைக் கேட்டா எல்லாத்திலயும் பெறுமதியான கேள்வி இதுதான்: "மிஸ், மாமாட கனுலா இன்னும் தேவையா, இண்டைக்கு கழட்டலாமா?" இல்லாத கனுலாவால கிருமி வராது. "ஏன் இன்னும் கழட்டல" எண்டு கேட்டா சண்டைக்கு வாற மாதிரி இருக்கும், இப்பிடி கேட்டா பெரும்பாலும் டிக்கெட்ட எடுத்துப் பாப்பாங்க.

அடுத்தது பிளாஸ்டர். உள்ள தெரியுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டர் காஞ்சு ஒட்டியிருந்தா 7 நாள் வரைக்கும் விடலாம், கோஸ் துணி எண்டா 2 நாள். ஆனா ஓரம் கிளம்பினா, நனைஞ்சா, ரத்தம் கசிஞ்சா நாள் கணக்கெல்லாம் பாக்கக் கூடாது, உடனே மாத்தணும். திருகோணமலையில ஆனி ஆடி வெக்கையில வேர்வையிலயே பிளாஸ்டர் கழண்டு வரும், வுழு எடுக்கக்குள்ள நனையும், கோயில்ல கட்டின நூல் அதுக்கு அடியில ஈரமா கிடக்கும் (நூல மற்றக் கைக்கு மாத்திக் கட்டுங்க, சாமி கோவிக்காது). கிளம்பின பிளாஸ்டருக்கு மேல நீங்களா இன்னொண்ட ஒட்டாதீங்க, ஈரமும் கிருமியும் உள்ளயே அடைபட்டுப் போகும். பக்கத்தில சிவப்பு, வீக்கம், தொட்டா நோவு, நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருக்கிறது, இதில ஒண்டு இருந்தாலும் விடியும் மட்டும் இருக்காம சொல்லுங்க.

மாமாக்கு வியாழக்கிழமை குளிரோட காய்ச்சல் வருது எண்டு வைங்க. அப்ப "புது மருந்து தொடங்க முதல் ரத்தம் கல்ச்சருக்கு எடுத்தீங்களா?" எண்டு கேளுங்க, கல்ச்சர் எண்டா ரத்தத்தில கிருமி வளருதா எண்டு பாக்கிற சோதனை, மருந்து போனபிறகு எடுத்தா கிருமி பிடிபடாமல் போகலாம். ரிப்போர்ட் வர பொதுவா 2, 3 நாள் ஆகும். அதில எம்ஆர்எஸ்ஏ எண்டு வந்தா, குளொக்சசிலின் மாதிரி மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி எண்டு அர்த்தம். அந்த மருந்துகள் கிருமி தன்ட சுவர் கட்ட வச்சிருக்கிற புரதத்தில போய் ஒட்டித்தான் அதக் கொல்லும், இந்தக் கிருமி வேற ஒரு புரதத்த வச்சு சுவர் கட்டுது, அதில மருந்து சரியா ஒட்டாது. அதனால டோஸ கூட்டி பிரயோசனமில்ல, வன்கோமைசின் மாதிரி வேற மருந்துதான். எம்ஆர்எஸ்ஏல முதல் எழுத்து மெதிசிலின் எண்ட இதே வகை மருந்துட பேர், அது பாவனைக்கு வந்தது 1959ல, 1961லயே பிரிட்டன்ல இந்தக் கிருமிய கண்டுட்டாங்க.

இங்க ஒரு கேள்விய மறக்காதீங்க: "இது ரத்தத்தில இருந்தா வந்தது, இல்ல மூக்கில, புண்ணில எடுத்ததில வந்ததா?" ரத்தத்தில எண்டா உடன வைத்தியம் வேணும். மூக்கில, தோல்ல சும்மா இருக்கிற ஆக்களும் இருக்காங்க, அதுக்கு மருந்து வேணுமா எண்டத டொக்டர்தான் சொல்லணும். ரெண்டுக்கும் நீங்க செய்ய வேண்டியது ஒண்டுதான், மாமாவ தொட முதலும் தொட்ட பிறகும் கை கழுவுங்க, அதே கையோட பக்கத்து கட்டில் ஐயாவுக்கு தண்ணி போத்தல் எடுத்துக் குடுக்காதீங்க.

கனுலா கழட்டி வீட்ட வந்த பிறகும் 2 நாளைக்கு அந்த இடத்த பாருங்க, கழட்டின பிறகும் சிவக்கலாம். சீழ், காய்ச்சல் வந்தா எண்ணெய் தடவி உருவாம திரும்ப ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, போகக்குள்ள டயக்னோசிஸ் கார்ட்டையும் கையில எடுத்துக்கங்க.