காதுகுத்துப் படத்தில் குழந்தையின் முகம் ஏன் கறுத்துவிடுகிறது?

கோத்தகிரியில் விசேஷ வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். முடிந்ததும் யாராவது தங்கள் போனை நீட்டி, "ஏன் தம்பி, நாங்க எடுத்தது மட்டும் இருட்டா இருக்கு?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் போன் மேல் தப்பில்லை, மணை போட்ட இடத்தில்தான் தப்பு.

காதுகுத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை கிழக்குப் பார்த்து உட்காரும். ஹாலின் பெரிய ஜன்னல் மேற்கே, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். வெளியே மூடுபனி வெள்ளை வெளேரென்று நிற்கும். போன் அந்த வெள்ளையை வைத்துக் கணக்குப் போட்டு, படம் முழுவதிலும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் கறுப்பது அதனால்தான்.

திசையை மாற்றச் சொன்னால் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். மாற்றவும் வேண்டாம். மணையைக் கிழக்கு வாசல் பக்கம் நகர்த்தி, கதவைத் திறந்துவைத்து, பின் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பனி வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் நிழல் கட்டாமல் பரவும். குளிர் வரும்தான், கொஞ்ச நேரம் பொறுக்கலாம். மஞ்சள் பல்பு எரிந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும்.

மணையை நகர்த்த முடியாத வீட்டில், போன் திரையில் குழந்தையின் முகத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் பூட்டுக் குறி வரும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். ஜன்னல் வெளுத்துப் போகும், போகட்டும்.

வாசலை மறைக்காமல் ஓரமாகக் குந்தி, குழந்தையின் கண் உயரத்துக்குப் போனை இறக்குங்கள். அந்த நிலையில் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்து, சத்த பட்டனை அழுத்தி எடுத்தால் ஆட்டம் குறையும். ஆனால் குழந்தை திமிறினால் உங்கள் கை எவ்வளவு நிதானமாக இருந்தும் பயனில்லை. மங்கலில் போன் ஒரு படத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் அசைவு கலங்கித்தான் தெரியும். நைட் மோடு இதை இன்னும் மோசமாக்கும், அணைத்துவிடுங்கள். ஆசாரி ஊசியை எடுத்ததுமே தொடர்ச்சியாக எடுக்க ஆரம்பியுங்கள். ஒன்றாவது தெளிவாகக் கிடைக்கும்.

குடும்பப் படத்துக்கு எல்லோரையும் அடைக்க வேண்டுமென்று 0.5 போடாதீர்கள். ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் அகலமாக இழுபடும், அப்புறம் அவர் உங்களிடம் பேச மாட்டார். 1x வைத்துக்கொண்டு பின்னால் போங்கள், கடைசி ஆளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது. வெளியே குளிரில் இருந்த போனோடு, கூட்டமும் சமையல் ஆவியும் நிறைந்த ஹாலுக்குள் வந்தால் கண்ணாடி போலவே லென்ஸிலும் ஆவி படியும். படம் பால் ஊற்றியதுபோல வெளுத்து, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால் அதுதான் காரணம். துடைத்தாலும் மறுபடி படியும். சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடு ஏற்றிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் ஒருமுறை துடையுங்கள். ஆசாரி வருவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.