மூன்றாவது பாட்டிலில் மாறும் கணக்கு

மார்த்தாண்டம் பக்கத்தில் தேன் விற்கும் ஒரு அக்கா சில மாதங்களுக்கு முன் என் நாகர்கோவில் அலுவலகத்துக்கு வந்தார். ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் கடை வைத்திருக்கிறார், மாதம் முந்நூறு பாட்டில் போகிறது. "தம்பி, கமிஷனே பாதியைத் தின்னுது. சொந்தமா வெப்சைட் போட்டு இன்ஸ்டாகிராமில இருந்து ஆளுங்கள அங்க அனுப்பிட்டா என்ன?" என்று கேட்டார். ஆன்லைனில் விற்கும் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். பெரும்பாலானவர்கள் முதல் விற்பனையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது.

முதலில் ஒரு விஷயம். இன்ஸ்டாகிராமில் "ஷாப்" என்று தெரிவது நம் நாட்டில் கண்ணாடி அலமாரி மட்டும்தான், கல்லாப்பெட்டி அங்கே கிடையாது. பொருளைத் தொட்டால் விற்பவரின் தளத்துக்கோ சாட்டுக்கோ போய்தான் பணம் கட்ட வேண்டும். செயலிக்குள்ளேயே பணம் கட்டும் வசதி அமெரிக்காவில் இருந்தது. 2025-இல் மெட்டா அங்கேயும் வாங்குபவர்களை விற்பனையாளரின் தளத்துக்கே அனுப்பும் முறைக்குத் திரும்பத் தொடங்கியது. ஆகவே நம் ஊர் விற்பனையாளருக்கு இரண்டே வழி: சந்தைத் தளத்துக் கடை, அல்லது சொந்தத் தளத்தில் செக்-அவுட்.

அக்காவின் அரை கிலோ பாட்டில் விலை 450 ரூபாய். அதில் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏறக்குறைய 21 ரூபாய். தேன், பாட்டில், குமிழித்தாள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 230. சந்தைத் தளம் கமிஷன், கட்டணங்கள், கூரியர் என்று பிடித்தது சராசரியாக 150. மிச்சம் 49 ரூபாய். சொந்தத் தளத்தில் பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேக்கு 10, கூரியருக்கு 90. தேன் அரை கிலோதான் என்றாலும் பெட்டியோடு அரை கிலோவைத் தாண்டிவிடுவதால் கூரியர்காரர் ஒரு கிலோவாகத்தான் எடுப்பார். இப்படிப் பார்த்தால் 99 ரூபாய் மிச்சம். ஆனால் அந்த வாடிக்கையாளரைக் கூட்டிவர இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஆளுக்கு 140 ரூபாய் ஆனது. முதல் பாட்டிலில் 41 ரூபாய் நஷ்டம்.

அதே ஆள் மறுபடி வாங்கும்போது விளம்பரச் செலவு இல்லை. ஒரே வாடிக்கையாளர் மூன்று பாட்டில் வாங்கினால் சொந்தத் தளத்தில் 157 ரூபாய் மிஞ்சும், சந்தைத் தளத்தில் 147. மூன்றாவது பாட்டிலில்தான் தராசு சாய்கிறது. எனவே வெப்சைட் போடுவதற்கு முன்னால் அக்காவிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வாங்கியவர் திரும்ப வருகிறாரா? மாதாமாதம் தீரும் பொருளுக்கும் கல்யாணத்துக்கு ஒருமுறை வாங்கும் பொருளுக்கும் விடை வேறு. வடசேரி கோயில் நகைபோல எப்போதாவது வாங்கும் பொருள் என்றால், முதல் ஆர்டரிலேயே விளம்பரச் செலவைத் தாங்கும் அளவுக்கு லாபம் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். அது சீக்கிரம் உறைந்து மணல்போல ஆகிவிடும், குளிர் ஊருக்குப் போனால் இன்னும் வேகமாக. வாங்கியவர் "சர்க்கரை கலந்திருக்கிறது" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். சந்தைத் தளத்தில் அவருடைய போன் நம்பர் நம்மிடம் இல்லை. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும் என்று சொல்லக்கூட வழியில்லை. சொந்தத் தளத்தில் ஆர்டர் கிளம்பும்போதே அவருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பிவிடலாம். அக்காவுக்கு இது மூன்று பாட்டிலில் கூடுதலாக மிஞ்சும் பத்து ரூபாயைவிடப் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

சரி, தளம் போட்டாயிற்று, விளம்பரமும் ஓடியது. ஆட்கள் வந்தார்கள், பணம் மட்டும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. கேட்வேயின் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலான ஆர்டர்கள் பணம் கட்டி முடியாத நிலையிலேயே நின்றன. விலை அதிகமோ என்று அக்கா இருபது ரூபாய் குறைத்துப் பார்த்தார், பயனில்லை. கூகுள் அனலிட்டிக்ஸில் செக்-அவுட் தொடங்கியதைக் காட்டும் `begin_checkout`, வாங்கி முடித்ததைக் காட்டும் `purchase` இரண்டையும் பிரவுசர்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். குரோமில் வந்தவர்களில் பலர் வாங்கியிருந்தார்கள். `Android Webview` என்ற வரியில் மட்டும் செக்-அவுட் நிறைய, வாங்கியவர் அபூர்வம்.

இன்ஸ்டாகிராமில் லிங்கைத் தொட்டால் அது செயலிக்குள் இருக்கும் சின்ன பிரவுசரில்தான் திறக்கிறது. அந்த வரி அதைத்தான் குறிக்கிறது. வாங்குபவர் வழக்கமான பிரவுசரில் சேமித்து வைத்த முகவரி, கார்டு பெரும்பாலும் அங்கே வராது. அதைவிட, யுபிஐ பொத்தானை அழுத்தினால் போனில் உள்ள பணச்செயலி சில நேரம் திறக்கவே திறக்காது. திரை அப்படியே நிற்கும். வாங்க வந்தவர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கணினியில் சோதித்தால் இது கடைசிவரை தெரியாது. நாங்களும் முதலில் லேப்டாப்பில்தான் சோதித்திருந்தோம். உங்கள் விளம்பரத்தை உங்கள் போனில், இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்தே தொட்டு, ஒரு பாட்டிலுக்கு உண்மையாகவே பணம் கட்டிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று.

இதற்கு நாங்கள் செய்தது எளிது. செக்-அவுட் பக்கத்தில் யுபிஐ பொத்தானுக்குக் கீழே "பணச்செயலி திறக்கவில்லையா? வாட்ஸ்அப்பில் லிங்க் பெறுங்கள்" என்று ஒரு பொத்தான் வைத்தோம். வாட்ஸ்அப்பில் போகும் லிங்க் போனின் வழக்கமான பிரவுசரில் திறப்பதால் யுபிஐ அங்கே ஒழுங்காக வேலை செய்தது. கணக்கு உருவாக்கச் சொல்லும் பக்கத்தை எடுத்தோம். கூரியர் கட்டணம் தனியாக இல்லை என்பதைப் பொருள் பக்கத்திலேயே காட்டினோம். கடைசித் திரையில் தொகை கூடுமோ என்ற சந்தேகம்தான் மீதிப் பேரை விரட்டிக்கொண்டிருந்தது.

கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா என்று அக்கா கேட்டபோது வேண்டாம் என்றேன். பத்துப் பார்சலில் மூன்று வாங்காமல் திரும்பினால், போகவர ஒன்றுக்கு 170 வீதம் 510 ரூபாய் போகும். விற்ற ஏழு பாட்டிலின் தலையில் அதை வைத்தால் ஒவ்வொன்றிலும் 73 ரூபாய் குறையும். 99 ரூபாயில் என்ன மிஞ்சும்? சந்தைத் தளத்தில் அந்த வசதி இருக்கிறது, அதை விரும்புபவர் அங்கேயே வாங்கட்டும்.

ஜிஎஸ்டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லையோர மாவட்டமான நமக்கு இது நேரடியாகப் படும். சொந்தத் தளம் என்றால் விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்கு ஒரு பாட்டில் அனுப்பினாலே அது வெளிமாநில விற்பனை. லேபிள் ஒட்டிப் பொதி செய்த தேன் வரிக்குட்பட்ட பொருள் என்பதால் அந்த ஒரு பாட்டிலுக்கே பதிவு தேவை. விற்பனைத் தொகையிலிருந்து முன்கூட்டியே சந்தைத் தளம் பிடித்து அரசுக்குக் கட்டும் 0.5 சதவீத வரியான ஜிஎஸ்டி டிசிஎஸ் நஷ்டம் அல்ல, பதிவு செய்தவரின் கணக்கில் வரவாக வரும். அக்கா அதையும் செலவில் எழுதி வைத்திருந்தார்.

சந்தைத் தளத்துக் கடையை அக்கா மூடவில்லை. அங்கே வாங்கியவர்களின் பெட்டிக்குள் "அடுத்த முறை எங்கள் வெப்சைட்டில் வாங்குங்கள்" என்று சீட்டு வைக்கப் போனவரை நான் தடுத்தேன். வாங்குபவர்களை வெளியே இழுப்பதைப் பெரிய சந்தைத் தளங்கள் விதிமீறலாகவே பார்க்கின்றன, கடையே முடங்கிவிடும். இப்போது சின்ன பாட்டில் அங்கே போகிறது. ஒரு கிலோ பாட்டில் சொந்தத் தளத்தில் மட்டும், ஏனென்றால் விலையோடு பார்த்தால் அதில் கூரியரின் பங்கு குறைவு. ரப்பர் சீசனில் புதுத் தேன் இறங்கியதும், செய்தி அனுப்பச் சம்மதித்த பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும். மூன்றாவது பாட்டில் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் விற்கிறது.